பொன்னி ஓடாமல் இருந்த வருடம்

ஓட்டக்காரர்களைப் பற்றி எனக்கு எப்போதுமே பெரிய அபிப்பிராயம் கிடையாது. நான் குண்டு எறிகிறவள். எங்கள் விளையாட்டில் ஒரு வட்டத்துக்குள் நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து, ஒரே தள்ளு. முடிந்தது வேலை. அப்புறம் நிழலில் உட்கார்ந்து நாலு முட்டை சாப்பிடலாம். ஓட்டக்காரர்களோ எலும்பும் தோலுமாக விடிவதற்கு முன்பே கிளம்பி, எங்கே புறப்பட்டார்களோ அங்கேயே வந்து நிற்பார்கள். அதற்கு இவ்வளவு வேர்வையா என்று நான் பொன்னியைக் கேட்காத நாள் இல்லை. அவளும் என் இடுப்பைப் பார்த்துவிட்டு ஏதாவது பதில் சொல்வாள். அப்படித்தான் நாங்கள் சிநேகிதிகள் ஆனோம்.

பொன்னிக்கு ஊர் திருவண்ணாமலை பக்கம் அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையிலேயே அவள் அம்மா பச்சையம்மாளுக்கு ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. டீ, சுண்டல், தண்ணீர் பாட்டில், கற்பூரம். மற்ற நாளில் ஈ ஓட்டும் கடை, பௌர்ணமி ராத்திரி மட்டும் மூச்சுவிட நேரம் இல்லாமல் நடக்கும். சின்ன வயதில் பொன்னியின் வேலை சில்லறை மாற்றி வருவது. மலை சுற்ற வந்த லட்சம் ஜனத்துக்கு நடுவே, யார் மேலும் இடிக்காமல், ஒரு கடையிலிருந்து இன்னொரு கடைக்கு ஓடி ஓடி நோட்டை மாற்றிக்கொண்டு வருவாள். ஓட்டத்தை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை, கூட்டம்தான் கற்றுக்கொடுத்தது என்று அவள் அம்மா பெருமையாகச் சொல்வார்.

வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு மண் மைதானத்தில் ராமதாஸ் மாஸ்டர் எங்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தார். அவர் ஒரு அரசுப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். சம்பளத்தில் பாதியை எங்கள் ஷூவுக்கும் பஸ் செலவுக்கும் போட்டவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் எனக்குப் போலீஸ் வேலை கிடைத்தது அவரால்தான். இன்று நான் ஆயுதப்படையில் காவலர் சந்திரகலா. அடுத்தது பொன்னிக்குத்தான் என்று எங்கள் எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்திருந்தது.

ஒரே ஒரு சிக்கல், வயது. அந்த வருட மாநிலப் போட்டியில் ஐயாயிரம் மீட்டரில் அவள் பதக்கம் வாங்கினால் அந்த ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அவள் அப்பா கீழ்பென்னாத்தூரில் குத்தகை நிலத்தில் வேர்க்கடலை போடுகிறவர், தம்பி இன்னும் படித்துக்கொண்டிருந்தான். வீட்டில் எல்லோரும் அந்த ஒரு ஓட்டத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொன்னியும் வேறு எதையும் பார்க்கவில்லை.

அதற்கு முந்தைய வருடம் நடந்ததைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். கோடை விடுமுறையில் மாஸ்டர் மூன்று வாரம் முகாம் போட்டார். காலையில் நீண்ட ஓட்டம், மாலையில் வேக ஓட்டம். மூன்றாவது வாரம் பொன்னி படுமோசமாக ஓடினாள். சின்னப் பெண்கள் எல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள். முகாம் முடிந்ததும் அவள் மாமா பெண்ணுக்குக் கல்யாணம். பத்து நாள் பந்தல், பந்தி, தூக்கம் என்று கிடந்துவிட்டு வந்து ஓடினாள் பாருங்கள், பதினெட்டு நிமிடத்துக்குக் கீழே அவள் வந்தது அன்றுதான் முதல் தடவை. மாஸ்டர் கடிகாரத்தை உதறிப் பார்த்தார். அது ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அன்றைக்கு அவர்கள் இரண்டு பேரும் ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். விழுகிற வரை ஓட வேண்டும், கொஞ்சம் ஓய்வு எடுத்தால் பறக்கலாம். பாடம் தப்பு என்று சொல்ல முடியாது. பாதிப் பாடம், அவ்வளவுதான்.

எனவே இந்த வருடம் முகாமை மூன்று வாரத்தோடு நிறுத்தவில்லை. தை மாதம் தொடங்கியது, பங்குனி வரை நீண்டது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓய்வு. பொன்னி ஒரு நாளும் தவறவில்லை. நான் பணி முடிந்து மைதானத்துக்குப் போனால் அவள் எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பாள்.

முதலில் மாறியது அவள் பேச்சு. என் இடுப்பைக் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டாள். நான் கிண்டல் செய்தால் முறைத்தாள். ஒரு நாள் கடையில் டீயில் சர்க்கரை ஜாஸ்தி என்று சொன்ன ஒரு பெரியவரிடம், "அப்போ நீங்களே வந்து போட்டுக்கோங்க!" என்று கத்திவிட்டு, உள்ளே போய் அழுதாளாம். பச்சையம்மாள் என்னிடம் வந்து, பெண்ணுக்கு யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்றார்.

பிறகு சளி. ஒன்று போய் இன்னொன்று. கால் கனக்கிறது, மாடிப்படி ஏறினால் தொடையில் யாரோ மண்மூட்டை கட்டினது போல இருக்கிறது என்றாள். உடம்பு அவ்வளவு அசந்திருந்தும் ராத்திரி தூக்கம் வரவில்லை, வந்தாலும் பாதியில் விழித்துக்கொள்கிறாள். பிடித்த கருவாட்டுக் குழம்பை ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஒதுக்கினாள். மாதவிடாய் தள்ளிப் போனது. கையில் கட்டியிருந்த கடிகாரம் காலையில் எழுந்ததும் காட்டுகிற நாடித்துடிப்பு, பழைய அளவைவிட ஏறியிருந்தது. கடிகாரம் பழசாகிவிட்டது, வேறு வாங்க வேண்டும் என்றாள்.

இவ்வளவுக்கும் மேலே, வேகம் குறைந்துகொண்டே வந்தது. முந்தைய வருடம் சிரித்துக்கொண்டே ஓடிய வேகத்தை இப்போது பல்லைக் கடித்தும் தொட முடியவில்லை.

மாஸ்டர் கெட்டவர் இல்லை. ஆனால் அவருக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். "வேகம் கம்மியாவுதுன்னா இன்னும் வேல பத்தலன்னு அர்த்தம்" என்று மாலை ஓட்டத்தில் இரண்டு சுற்று கூட்டினார். பொன்னி மறு பேச்சில்லாமல் ஓடினாள். இன்னும் குறைந்தது. போட்டிக்கு ஏழு வாரம் இருக்கும்போது மாஸ்டரே பயந்துபோய், கல்யாண வீட்டு வைத்தியத்தை நினைவுபடுத்திக்கொண்டு, "ரெண்டு வாரம் மைதானத்து பக்கமே வராத, வீட்ல கெட. அப்புறம் பார்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து வந்து ஓடினாள். முன்பைவிட மோசம். இந்தத் தடவை இன்னொரு அதிசயம்: எவ்வளவு முக்கி ஓடியும் ஓட்டத்தில் நாடி ஏறவே இல்லை. மூன்றாவது கிலோமீட்டரில் நின்று, பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். நான்தான் தூக்கிவிட்டேன். ஒரு குண்டைவிடக் கொஞ்சம்தான் கனமாக இருந்தாள் என்று சொல்ல ஆசை, ஆனால் அன்றைக்கு எனக்குக் கிண்டல் வரவில்லை. பயமாக இருந்தது.

வேலூரில் விளையாட்டு மருத்துவம் படித்த ஒரு டாக்டர் இருக்கிறார் என்று எங்கள் ஆயுதப்படைக் கபடிக்காரர் ஒருவர் சொன்னார். பெயர் மதிவதனி. லீவு போட்டுவிட்டு நான்தான் பொன்னியை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். மாஸ்டர் பயிற்சிக் கணக்கு முழுவதையும் என்னிடம் வாயாலேயே ஒப்பித்து அனுப்பினார்.

டாக்டர் முதலில் ரத்தம் எடுக்கச் சொன்னார். ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, ஏதாவது தொற்று, எல்லாம் பார்த்தார். உடம்பில் இரும்புச் சேமிப்பு கொஞ்சம் கம்மி, அதற்கு மாத்திரை எழுதினார். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. எனக்கு நிம்மதி. டாக்டருக்கு நிம்மதி இல்லை போலத் தெரிந்தது.

"இரும்பு கம்மியானது ஒரு காரணம். ஆனா இவ்ளோ இறங்கறதுக்கு அது மட்டும் பத்தாது" என்றார். "ரெண்டு வாரம் ஓய்வு எடுத்தும் சரியாகலன்னு சொன்னீங்க இல்ல? அந்த ரெண்டு வாரம் என்ன பண்ணீங்கன்னு சொல்லுங்க பொன்னி."

"ஒண்ணும் பண்ணல மேடம். வீட்லதான் இருந்தேன்."

"காலைல எழுந்ததும்?"

"மல சுத்துவேன். அப்புறம் கடையில ஒக்காருவேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "மலை சுத்துவீங்கன்னா, முழுசாவா?"

"பாதியில திரும்பக் கூடாதில்ல மேடம்."

"எத்தன நாள்?"

"அந்த ரெண்டு வாரமும் தினமும்தான். நேரம் இருந்துச்சே. ஓட்டம் இருந்த மாசத்துல ஞாயித்துக்கிழமையும் பௌர்ணமியும் மட்டுந்தான்."

"ஞாயித்துக்கிழமை உங்களுக்கு ஓய்வு நாள்னு இவங்க சொன்னாங்களே."

"ஆமா மேடம். அன்னிக்கி ஓட்டம் கிடையாது. அதனாலதான் மலைக்குப் போவேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கு வரவில்லை. பதினான்கு கிலோமீட்டர், வெறுங்காலில், பௌர்ணமி என்றால் அதோடு பகல் முழுக்க விரதம், அப்புறம் ராத்திரி விடிய விடியக் கடையில் நின்றபடி வியாபாரம். சிரிப்பு பாதியில் எனக்கே அடங்கிப்போனது.

வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. திருவண்ணாமலையில் மலை சுற்றுவதை யாரும் நடை என்று நினைப்பதில்லை. இடுப்பில் குழந்தையோடு சுற்றுகிறார்கள், எண்பது வயதில் தடி ஊன்றிச் சுற்றுகிறார்கள். அது சாமி காரியம், உடம்புக் கணக்கில் வராது. ராமதாஸ் மாஸ்டரே பௌர்ணமி அன்று சுற்றிவிட்டு வந்து, மறுநாள் எங்களிடம் "நேத்து எனக்கு ரெஸ்ட்டு" என்பார். அதனால்தான் அவர் ஒப்பித்த பயிற்சிக் கணக்கில் மலை இல்லை. நான் பொன்னியைப் பாதையில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், எனக்கும் அது கணக்கில் வந்ததில்லை. இதே ஊரில் பிறந்தவர்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "பயிற்சின்னாலே உடம்ப கொஞ்சம் கெடுக்கறதுதான். அப்புறம் விட்டுடணும். விட்ட நேரத்துலதான் அது தன்னை சரி பண்ணிக்கிட்டு முன்னவிட பலமாகும். போன வருஷம் உங்களுக்கு நடந்தது அதான். மூணு வாரம் அளவுக்கு மேல இழுத்தீங்க, வேகம் கொறஞ்சுது. பத்து நாள் விட்டீங்க, மேல வந்துடுச்சு. அது ஓட்டக்காரங்க தெரிஞ்சே செய்யற அளவுமீறல். ரெண்டு வாரத்துக்குள்ள திரும்பிடும், பலனும் தரும்."

"இப்ப மட்டும் ஏன் மேடம் திரும்பல?"

"ஏன்னா நீங்க விடவே இல்ல. உடம்புக்கு சாமிக்கு நடந்தது, மாஸ்டருக்கு ஓடினதுன்னு வித்தியாசம் தெரியாது. தூக்கம் இல்லாதது, சாப்பாடு கம்மியானது, வேலை கெடைக்குமோங்கற கவலை, எல்லாத்தையும் ஒரே கணக்குலதான் ஏத்தும்."

"அப்போ இப்போ ரெண்டு வாரம் நெஜமாவே விட்டுட்டா?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதைக் கேட்டபோது பொன்னியின் முகத்தில் இருந்த ஆசை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டாக்டர் தலையை ஆட்டினார். "அந்த எல்லைய தாண்டிட்டீங்கம்மா. தாண்டினதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, முழுசா விட்டா சில வாரத்துலேர்ந்து சில மாசத்துல பழைய எடத்துக்கு வந்துடலாம். மேல வராது, பழைய எடம்தான். இன்னொண்ணு மாசக்கணக்குல போகும். சில பேருக்கு வருஷமும் தாண்டும்."

"எனக்கு எது?"

"அது எனக்கும் தெரியாது. இதுக்குன்னு ஒரு டெஸ்ட் கிடையாது. மத்த வியாதியெல்லாம் இல்லன்னு பார்க்கலாம். அப்புறம் எவ்ளோ நாள்ல சரியாகுதுன்னு பொறுத்திருந்து பார்த்துதான் பேரே வைக்க முடியும்."

பஸ்ஸில் வரும்போது பொன்னி ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தாள். போளூர் தாண்டினதும், "காலு ஒடிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும்டி" என்றாள். "கட்டு போட்டிருப்பாங்க. ஆறு வாரம்னு சொல்லியிருப்பாங்க. எல்லாரும் நம்பியிருப்பாங்க." வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். சாப்பிடவில்லை.

நம்பமாட்டார்கள் என்று அவள் பயந்தது சரிதான். பச்சையம்மாள் கடையில் அடுப்பைக்கூட அணைக்காமல் கேட்டுவிட்டு, என்மேல் பாய்ந்தார். "வேண்டிக்கினு சுத்தற சாமி காரியத்த நிறுத்தச் சொல்ல அந்த டாக்டரு யாரு? மலைய சுத்தி ஒடம்பு கெட்டவங்கன்னு இந்த ஊர்ல ஒருத்தர காட்டு பார்க்கலாம். மலைய சுத்தி வியாதி போனவங்கதான் இருக்காங்க."

"எம்மா, வேண்டுதல் யாரு வேண்டிக்கினது?" என்று கேட்டேன்.

"நான்தான். இவுளுக்கு வேல கெடைக்கணும்னு வேண்டிக்கினேன்."

"அப்போ நீ சுத்து. அவ எதுக்கு சுத்தறா?"

"எனுக்கு முட்டி வலி. அதோட கடைய யாரு பார்க்கறது?"

"உன் வேண்டுதலுக்கு அவ கால எடுத்துக்கினியா?"

நாக்கு நீளம் எனக்கு. சொன்ன பிறகுதான் உறைத்தது. பச்சையம்மாள் கரண்டியை வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கடைக்கு உள்ளே பொன்னி சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருந்தாள். பட்டப்பகலில், வாயைத் திறந்துகொண்டு. அவர் அவளையே பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலையில் கடை மூடியிருந்தது. பச்சையம்மாள் முட்டியில் தைலம் தடவிக்கொண்டு தானே மலை சுற்றப் போயிருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் போனார். எனக்குப் பணி இல்லாத நாட்களில் துணைக்கு நானும் போனேன். குண்டு எறிகிறவளுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று யாரும் கேட்கவில்லை. வழியெல்லாம் அந்த அம்மாள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.

மாஸ்டர் விஷயம் வேறு. நான் டாக்டர் சொன்னதைச் சொல்லச் சொல்ல, அவர் மைதானத்து மண்ணைக் காலால் கீறிக்கொண்டு நின்றார். மலையைச் சொன்னதும் நிமிர்ந்தார். "அடடா" என்றார். அவ்வளவுதான். பிறகு, "பேரு கொடுக்க இன்னும் நாலு நாளு இருக்கு. ஓடறதா வேணாமான்னு அவளே சொல்லட்டும். நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா அவ ஓடிடுவா" என்றார். அதற்காகவே அவரை நான் மன்னித்தேன்.

நாலாவது நாள் பொன்னி என் கைபேசியிலிருந்து டாக்டரைக் கூப்பிட்டாள்.

"மேடம், ஓடினா செத்துடுவேனா?"

"சேச்சே. அப்படியெல்லாம் இல்ல."

"அப்போ ஓடலாமா?"

"ஓடலாம். பதக்கம் வாங்கற வேகம் இப்ப உங்க உடம்புல இல்ல. அது உங்களுக்கே தெரியும். ஓடினா, மூணு மாசத்துல சரியாகவேண்டியது ஒரு வருஷம்கூட ஆகிடலாம். ஓடறது நீங்க, சொல்றது மட்டும்தான் நான்."

கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, "மாஸ்டர்கிட்ட பேரு வேணாம்னு சொல்லிடு" என்றாள். அழவில்லை. நான்தான் அழுதேன். போலீஸ் சீருடையில் நடுத்தெருவில் நின்று அழுவது நன்றாக இல்லை, இருந்தாலும் அழுதேன். அந்த வேலை அவளுக்கு எவ்வளவு தேவை என்று எனக்குத் தெரியும். எனக்கு அது கிடைத்துவிட்டது, அவளுக்குக் கிடைக்கப் போவதில்லை. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

போட்டி நடந்த அன்று அவள் கடையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதாக வந்தவளின் நேரத்தை மாஸ்டர் அனுப்பினார். அதைவிட நல்ல நேரத்தில் பொன்னி போன வருடம் ஓடியிருந்தாள். பார்த்தாள், கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள், இன்னும் ரெண்டு குண்டானைத் தேய்த்தாள்.

ஓய்வு எடுப்பதைப் போலக் கஷ்டமான வேலையை நான் பார்த்ததில்லை. முதல் மாதம் அவள் எந்நேரமும் தூங்கினாள். அடி அண்ணாமலையில் ஒரு வயசுப்பெண் பகலில் தூங்கினால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், பேசினார்கள். பச்சையம்மாள் ஒரு தடவை, "எம்பொண்ணு தூங்கறது வைத்தியம். உம்பொண்ணு தூங்கறது சோம்பேறித்தனம்" என்று பக்கத்துக் கடைக்காரியிடம் சண்டைக்குப் போனாராம். மூன்று வேளையும் சாப்பாட்டைத் திணித்தார். பௌர்ணமிக்குக் கடையில் உட்கார அவள் அப்பா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார்.

முதலில் தூக்கம் திரும்பியது. பிறகு பசி. பிறகு ஒரு நாள் என்னைப் பார்த்து, "மல சுத்திகூட எளைக்கலியேடி நீ" என்றாள். எனக்கு உயிர் வந்தது.

அங்கேதான் அடுத்த தப்பு நடந்தது. இரண்டரை மாதம் ஆகியிருந்தது. முகத்தில் தெளிவு வந்துவிட்டது, மாதவிடாயும் சரியாகிவிட்டது. டாக்டர் கால் மணி நேரம் மெல்ல ஓடலாம் என்று சொல்லியிருந்தார், பேசிக்கொண்டே ஓடுகிற அளவுக்கு. பொன்னி மைதானத்துக்குப் போனாள், சின்னப் பெண்கள் வேகமாகப் போவதைப் பார்த்தாள், கூடவே போய்விட்டாள். அன்றைக்கு நன்றாகவே ஓடினாளாம். எனக்கு ஃபோன் செய்து, "எல்லாம் வந்துடுச்சுடி! வந்துடுச்சு!" என்று கத்தினாள். மூன்றாம் நாள் படுத்தாள். சளி, ஜுரம், பழைய மண்மூட்டைக் கால்கள். தூக்கம் மறுபடியும் போய்விட்டது. அதிலிருந்து எழுந்திருக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

"மனசு முதல்ல ஆறும். வேகம் கடைசியாதான் வரும்" என்று டாக்டர் சொன்னார். "நல்லா இருக்குன்னு தோணறது வேற, நல்லா ஆகிட்டது வேற."

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள். கால் மணி நேரம் என்றால் கால் மணி நேரம். ஒரு வாரம் நன்றாகப் போனால்தான் அடுத்த வாரம் கொஞ்சம் கூட்டுவது. காலையில் நாடி ஏறியிருந்தால், சிடுசிடு என்று எழுந்தால், அன்றைக்கு ஷூவைத் தொடமாட்டாள். மாஸ்டரும் மாறினார். அவள் மைதானத்துக்கு வந்ததும் இப்போது அவர் கேட்கிற முதல் கேள்வி, "நேத்து இன்னா பண்ண? மலையையும் சேர்த்து சொல்லு." மற்ற பிள்ளைகளிடமும் அதையே கேட்கிறார். பௌர்ணமிக்கு மறுநாள் யாருக்கும் ஓட்டம் இல்லை என்று சட்டமே போட்டுவிட்டார்.

மழைக்காலம் போய், கார்த்திகை தீபம் போய், பொங்கலும் போனது. அந்த வேலைக்கான வயது தாண்டியது. அந்தப் பிறந்தநாள் அன்று நான் கேக் வாங்கிக்கொண்டு போனேன். அவள் வெட்டினாள். யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கீழ்பென்னாத்தூரில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாகச் சேர்ந்திருந்தாள். சம்பளம் என்னுடையதில் பாதிகூட இல்லை. இதில் நியாயம் எங்கே இருக்கிறது என்று நான் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

வேகப் பயிற்சிக்கு டாக்டர் அனுமதி கொடுக்கும்போது பத்து மாதம் முடிந்திருந்தது. அன்றைக்குத்தான் அவர் வியாதிக்குப் பெயரும் வைத்தார். இரண்டாவது வகை, நீண்டது. "இப்பவாவது பேரு வச்சீங்களே மேடம்" என்று பொன்னி சிரித்தாளாம்.

அடுத்த ஆடி மாதம் எங்கள் ஊர் மைதானத்திலேயே ஒரு மாவட்டப் போட்டி நடந்தது. அதில் வேலையும் இல்லை, பெரிய பரிசும் இல்லை. ஜெயித்தவர்களுக்கு ஒரு எவர்சில்வர் குடம். பொன்னி ஐயாயிரம் ஓடினாள். நான்காவதாக வந்தாள். குடம்கூட இல்லை. அவளுடைய பழைய நேரத்துக்கு அரை நிமிடம் பின்னால். ஆனால் கடைசிச் சுற்றில் வேகம் கூட்டினாள், அது என் கண்ணால் பார்த்தது. மறுநாள் ஃபோனில் தொடை வலிக்கிறது, படி இறங்க முடியவில்லை என்று முனகினாள். மறுபடியுமா என்று நினைத்தேன். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை ஆயுதப்படை மைதானத்தில் அணிவகுப்பு முடிந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பொன்னியிடமிருந்து ஃபோன். எடுத்தால் தேம்பல் சத்தம்.

"இன்னாடி ஆச்சு? எங்க இருக்க? ஜுரமா?"

"இல்லடி." மூக்கை உறிஞ்சினாள். "கலா, காலு வலி போயிடுச்சுடி."

"போனா நல்லதுதானே? அதுக்கு ஏன் அழுவுற?"

"உனுக்குப் புரியலடி. நேத்து வலிச்சிது. இன்னிக்கு எழுந்தா இல்ல. ராத்திரி தூங்கினேன், காலைல அதுவா போயிடுச்சு. ஒன்றர வருஷமா எனுக்கு எந்த அசதியும் அதுவா போனதில்லடி."

நான் ஒரு காலில் பூட்ஸோடு அந்த மைதானத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். தூங்கி எழுந்தால் அசதி போய்விடுகிறது. எனக்கு அது தினமும் நடக்கிறது, ஒரு நாளும் நான் அதைக் கவனித்தது இல்லை. அவள் அழுகையும் சிரிப்புமாக இன்னும் ஏதேதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.

"இன்னிக்கு ஓடப்போறியா?" என்று மட்டும் கேட்டேன்.

"இன்னிக்கு லீவுடி" என்றாள். "மலைக்கும் போவல. வூட்லதான் இருப்பேன்."